டுபாய் வைப்பு ரூபாவில் எவ்வளவு உழைத்தது?

வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய நம்மவர்கள் பலர் தமது சேமிப்பில் ஒரு பகுதியை அங்குள்ள வங்கியிலேயே வைப்பாக விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். டுபாய், ரியாத், தோஹா என்று இடம் மாறலாம். ஆனால் 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு அவர்கள் சொல்லும் கதை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. "நான் விட்டுவிட்டு வந்தபோது அது முப்பத்தைந்து இலட்சம். இன்று எடுத்தால் தொண்ணூற்றேழு இலட்சம். எந்த வியாபாரத்தில் இந்த உழைப்பு வரும்?" என்று கேட்கிறார்கள்.

கதை பொய்யல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு கடையில் முதல் போடுவதா, காணி வாங்குவதா, காசை அங்கேயே விடுவதா என்று முடிவெடுக்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வைப்பின் உழைப்பை ரூபாவில் எப்படிக் கணக்கிடுவது என்பதை ஓர் உதாரணத்துடன் இவ்வாரம் பார்ப்போம்.

இரண்டு சகோதரர்களின் கணக்கு

எனக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள் 2025 ஜனவரியில் ஒரு கணக்கைத் தீர்த்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். நானா பல வருடங்கள் டுபாயில் வேலை செய்து 2014இன் இறுதியில் ஊர் திரும்பியவர். அங்குள்ள இஸ்லாமிய வங்கியொன்றில் ஒரு இலட்சம் திர்ஹத்தை முழாரபா வைப்பாக விட்டிருந்தார். இலாபத்தை எடுக்காமல் வைப்போடு சேரவிட்டார். தம்பி ஊரில் கடை நடத்துபவர். கடையை விரிவாக்க அவருக்கு முதல் தேவை. "நானா, அந்தக் காசைக் கடையில் போடுங்கள். கடை முதலுக்கு வருடம் நூற்றுக்கு 13 அளவில் வருகிறது. கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்" என்றார் தம்பி. "என்னுடைய காசு அங்கே வருடம் 17 வீதம் உழைக்கிறதே தம்பி, 13க்கு ஏன் கொண்டுவர வேண்டும்?" என்றார் நானா.

13 பெரிதா 17 பெரிதா என்றால் நானா சொல்வதுதான் சரி. ஆனால் அந்த 17 எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம்.

நானாவின் வைப்புக்கு வங்கி அறிவித்த இலாபம் தவணைக்குத் தவணை கூடியும் குறைந்தும் இருந்தது. பத்து வருடங்களையும் சேர்த்துப் பார்த்தால் வருடம் 2 வீதம் அளவில் வருகிறது. 2024 இறுதியில் கணக்கிலிருந்த மீதி 121,899 திர்ஹம். இனி மாற்று விலையைப் பார்ப்போம். மத்திய வங்கியின் ஆண்டிறுதிக் கணக்குப்படி ஒரு அமெரிக்க டொலர் 2014 இறுதியில் 131.05 ரூபா, 2024 இறுதியில் 292.58 ரூபா. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் ஒரு டொலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டொலரின் விலையை 3.6725ஆல் பிரித்தால் திர்ஹத்தின் விலை வந்துவிடும். 2014 இறுதியில் அது 35.68 ரூபா. 2024 இறுதியில் 79.67 ரூபா.

அன்று ஒரு இலட்சம் திர்ஹம் 35 இலட்சத்து 68 ஆயிரம் ரூபா. இன்று 121,899 திர்ஹம் 97 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா. கூடியது 61 இலட்சத்து 44 ஆயிரம். அன்றைய தொகையோடு ஒப்பிட்டால் 172 வீதம். அதைப் பத்து வருடத்தால் பிரித்து நானா 17 வீதம் என்று எடுத்திருக்கிறார்.

பிழை அந்தப் பிரித்தலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கூடிய தொகை அடுத்த வருடம் முதலாக மாறி அதன் மேலும் கூடுகிறது. எனவே வருடாந்த வீதத்தைப் பிரித்து எடுக்க முடியாது. எந்த எண்ணைப் பத்துத் தடவை பெருக்கினால் இந்த மடங்கு வரும் என்று தேட வேண்டும். 97.12ஐ 35.68ஆல் பிரித்தால் 2.72 மடங்கு. கடையிலுள்ள சாதாரண கல்குலேட்டரில் 1.10ஐப் பத்துத் தடவை பெருக்கிப் பாருங்கள், 2.59 வரும். 1.11ஐப் பெருக்கினால் 2.84 வரும். நமது 2.72 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே வருடாந்த வீதம் 10.5. நானா சொன்ன 17 அல்ல.

இரண்டையும் கூட்டக் கூடாது

வேறு சிலர் இன்னொரு முறையில் கணக்குப் பார்ப்பார்கள். மாற்று விலை 35.68இலிருந்து 79.67 ஆனது 123 வீத உயர்வு. திர்ஹத்தில் கிடைத்த இலாபம் 22 வீதம். இரண்டையும் கூட்டி 145 வீதம் என்பார்கள். ஆனால் கையில் வரும் ரூபாவைப் பார்த்தால் உயர்வு 172 வீதம். மீதி 27 எங்கே போனது?

இலாபமாக வந்த 21,899 திர்ஹமும் இன்றைய விலைக்குத்தான் ரூபாவாகிறது. அதன் மேலும் மாற்று விலையின் உயர்வு விழுகிறது. அந்த 27 இதுதான். ஆகவே இரண்டு உயர்வுகளையும் கூட்டாமல் மடங்குகளாகப் பெருக்க வேண்டும். மாற்று விலை 2.233 மடங்கு. வைப்பு 1.219 மடங்கு. பெருக்கினால் 2.72. வருடக் கணக்கிலும் இப்படித்தான். மாற்று விலை வருடத்துக்கு 8.4 வீதம் அளவில் உயர்ந்திருக்கிறது. வங்கி 2 வீதம் கொடுத்திருக்கிறது. 1.084ஐ 1.02ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அந்த 10.5 வந்துவிடும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு பெரிய பயன் உண்டு. 10.5இல் வங்கியில் காசு உழைத்தது 2 மட்டுமே. மீதி எல்லாம் ரூபாவின் வீழ்ச்சி. வங்கி அறிவிக்கும் இலாபம் வருங்காலத்திலும் ஏதோ ஓர் அளவில் வரும் என்று எதிர்பார்க்கலாம். ரூபாவின் வீழ்ச்சி அதே அளவில் தொடரும் என்று எதிர்பார்க்க எந்த ஆதாரமும் இல்லை.

இலாபத்தை அங்கேயே சேரவிடாமல் வருடாவருடம் ஊருக்கு எடுத்தவர்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்கள் ஒவ்வொரு தடவை எடுத்த தொகையையும் அந்தந்த நாளில் கிடைத்த ரூபாவாகவே எழுத வேண்டும். 2016இல் எடுத்துச் செலவழித்த இலாபத்துக்கு 2024இன் விலை கிடையாது.

எந்த வருடத்தில் எடுத்தீர்கள்?

வருடம் 8.4 வீதம் என்று சொன்னாலும் ரூபா அப்படி ஒழுங்காக இறங்கவில்லை. ஆண்டிறுதியில் டொலரின் விலையைப் பாருங்கள்.

2014: 131.05
2017: 152.86
2018: 182.75
2021: 200.43
2022: 363.11
2023: 323.92
2024: 292.58

முதல் மூன்று வருடங்கள் மெதுவாகப் போயின. 2018இல் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 20 வீதம். பிறகு மூன்று வருடங்கள் மெதுவாக. 2022இல் ஒரே வருடத்தில் 81 வீதம். அடுத்த இரண்டு வருடங்களும் டொலரின் விலை ஒவ்வொரு வருடமும் 10 வீதம் அளவில் திரும்பி இறங்கியது. வருடம் 8.4 என்பது இவை எல்லாவற்றையும் சேர்த்து நிரவிய கணக்கு. உண்மையில் எந்த ஒரு வருடமும் அப்படி இருக்கவில்லை.

இதனால், காசை எடுத்த வருடத்தைப் பொறுத்துப் பதில் முழுவதும் மாறிவிடும். நானா 2019 இறுதியில் எடுத்திருந்தால் கிடைத்திருப்பது 54 இலட்சத்து 60 ஆயிரம். வருடத்துக்கு 8.9 வீதம். 2022 இறுதியில் எடுத்திருந்தால் 115 இலட்சத்து 84 ஆயிரம். வருடத்துக்கு 15.9 வீதம். 2024 இறுதியில் 97 இலட்சத்து 12 ஆயிரம், 10.5 வீதம். வைப்பு ஒன்று, வங்கி ஒன்று, இலாபமும் ஒன்று. மாறியது எடுத்த நாள் மட்டுமே. கடைசி இரண்டு வருடங்களில் திர்ஹத்தில் அவருடைய மீதி கூடியது. ரூபாவில் 18 இலட்சத்து 72 ஆயிரம் குறைந்தது.

2022க்குப் பிறகு வைப்பை ஆரம்பித்தவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. நெருக்கடிக் காலத்தில் நமது ஊர்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். 2022 இறுதியில் ஒருவர் அங்கே ஒரு இலட்சம் திர்ஹம் வைத்திருந்தால் அன்று அதன் பெறுமதி 98 இலட்சத்து 87 ஆயிரம் ரூபா. அதே 2 வீத இலாபத்தோடு 2024 இறுதியில் அது 104,040 திர்ஹம். ரூபாவில் 82 இலட்சத்து 89 ஆயிரம். இலாபம் கிடைத்தும் ரூபாவில் 16 இலட்சம் அளவில் குறைவு. அதே காலத்தின் தொடக்கத்தில் இங்கே ரூபா வைப்புகளுக்கு வருடம் 20 வீதத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. "டொலரில் வைத்தால் நட்டமே வராது" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

பழைய கணக்கை எழுதும்போது ஒரு விடயத்தில் கவனம் தேவை. 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 முதல் 203 ரூபா என்ற அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. கையிருப்புக் கரைந்த பின்னர் 2022 மார்ச் 7இல் அந்தப் பிடி தளர்த்தப்பட்டது. மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. ஆகவே 2021 இறுதியின் 200.43 என்ற விலை ரூபாவின் உண்மை நிலையைக் காட்டவில்லை. உண்டியல்காரர்கள் அப்போதே அதைவிட அதிகம் கொடுத்தார்கள். ஒரு விலை மாதக்கணக்கில் அசையாமல் நிற்க, வெளியில் வேறொரு விலை பேசப்பட்டால் அந்த விலை நிலைக்காது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் தொடக்கத்துக்கு வங்கி விலையையும் முடிவுக்கு உண்டியல் விலையையும் போட்டுக் கணக்கெழுதக் கூடாது. இரண்டு முனைக்கும் ஒரே இடத்தின் விலையையே எடுக்க வேண்டும்.

கையில் வருவது எவ்வளவு?

மேலே நான் எடுத்த விலைகள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளவை. வைப்பு எப்படி உழைத்தது என்று பார்க்க அவை போதும். ஆனால் கடை வாங்கக் கொடுக்கப்போகும் காசை எண்ணும்போது வங்கி வாங்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். 2024 இறுதியில் டொலருக்கு இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் எட்டு ஒன்பது ரூபா இருந்தது. திர்ஹத்தில் நடு விலையைவிட ஒரு ரூபா குறைவாகக் கிடைத்தாலே நானாவின் தொகையில் 1 இலட்சத்து 22 ஆயிரம் ரூபா குறையும். அனுப்பும் வங்கியின் கட்டணமும் இடையிலுள்ள வங்கி கழிப்பதும் வேறு.

வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கும் வியாபாரிகளுக்கு இது இன்னும் முக்கியம். காசை ரூபாவாக்கிவிட்டு ஆறு மாதத்தில் சரக்குக்காகத் திரும்ப டொலர் வாங்கினால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசமும் உங்கள் கையிலிருந்து போகும். அது 3 வீதம் அளவு. நானாவின் வைப்பு ஒன்றரை வருடத்தில் உழைத்தது ஒரு கொடுக்கல் வாங்கலில் முடிந்துவிடும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. காசை ஊருக்குக் கொண்டுவருவது வேறு, ரூபாவாக்குவது வேறு. 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் நமது வங்கிகளில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் காசை அதில் டொலராகவே வைத்திருந்து தேவைப்படும் அளவை மட்டும் மாற்றலாம்.

ஸகாத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஸகாத் நமது கடமை. அதை வைப்பின் செலவாக எழுதுவது பொருந்தாது. கடையின் சரக்குக்கும் காசுக்கும் அது உண்டு. ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அதைச் சேர்க்காமல் விடுங்கள். ஆனால் 2 வீத இலாபம் தரும் வைப்பிலிருந்தே இரண்டரை வீத ஸகாத்தையும் எடுத்தால் வைப்பின் மீதி வருடாவருடம் சற்றுக் குறையும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

13ஆ, 10.5ஆ?

சகோதரர்களின் கதைக்கு வருவோம். 10.5 என்று கண்டதும் தம்பிக்கு மகிழ்ச்சி. "அப்படியென்றால் கடைதானே நல்லது?" என்றார். அதுவும் அவசரம். 10.5 என்பது கடந்துபோன பத்து வருடம். போடப்போகும் காசு வரப்போகும் வருடங்களுக்கு. எனவே நான் அவர்களிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். கடை 13 தரும், வைப்பு 2 தரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சமமாவதற்கு ரூபா எவ்வளவு இறங்க வேண்டும்?

1.13ஐ 1.02ஆல் பிரித்தால் 1.108. திர்ஹத்தின் விலை ஒவ்வொரு வருடமும் 10.8 வீதம் உயர்ந்தால்தான் வைப்பும் கடையும் சமம். நாடு கடன் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்ற 2022ஐயும் சேர்த்தே கடந்த பத்து வருடங்களின் உயர்வு 8.4தான். அதைவிட வேகமாக ரூபா இறங்கும் என்று நம்புகிறவர் காசை அங்கே விடலாம். நம்பாதவருக்குக் கடை மேல். வங்கி அறிவிக்கும் இலாபம் கூடினால் 2க்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். 4 என்றால் சமமாகும் இடம் 8.7க்கு இறங்கிவிடும். அப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதோடு கடையின் 13க்குள் கடன் கொடுத்து வராத காசும் விற்காத சரக்கும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் நானா பார்க்க வேண்டும் என்றேன்.

அவர்கள் புத்தகங்களைப் பார்த்துப் பேசி வைப்பில் பாதியைக் கடைக்குக் கொண்டுவரவும் மீதியைத் திர்ஹமாகவே விடவும் தீர்மானித்தார்கள். கடையின் சரக்கில் ஒரு பகுதி டுபாயிலிருந்து வருவதால் அந்த மீதி சரக்குக்குப் பயன்படும் என்பது தம்பியின் யோசனை.

அந்த யோசனையில் நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 97 இலட்சம் உழைப்பா இல்லையா என்பது அந்தக் காசு எங்கே செலவாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. டுபாயில் சரக்கு எடுக்கப் போகிறவருக்கு ரூபாக் கணக்கு தேவையே இல்லை. அவருடைய முதல் ஒரு இலட்சம் திர்ஹத்திலிருந்து 121,899 ஆனது, அவ்வளவுதான். ஊரில் காணியோ கடையோ வாங்கப் போகிறவர் ரூபாவைத்தான் எண்ண வேண்டும். ஆனால் அவரும் அந்தக் காணி 2014இல் என்ன விலை போனது, இன்று என்ன விலை என்று விசாரிக்க வேண்டும். கொழும்பில் விலைவாசி 2022 செப்டெம்பரில் மட்டும் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தது. காணியின் விலையும் 2.72 மடங்கு ஆகியிருந்தால் அவருடைய காசு அன்றுபோல் இன்றும் அதே காணியைத்தான் வாங்கும்.

இன்னொன்று, இந்தக் கணக்கு திர்ஹத்துக்கும் சவூதி றியாலுக்கும் அப்படியே பொருந்தும். றியாலும் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டதுதான். ஸ்டேர்லிங் பவுணுக்குப் பொருந்தாது. பவுண் டொலரோடு தானும் ஏறி இறங்குகிறது. 2014 இறுதியில் ஏறக்குறைய 204 ரூபாவாக இருந்த பவுண் 2024 இறுதியில் ஏறக்குறைய 366 ரூபா. அதாவது 1.8 மடங்கு. திர்ஹமோ அதே காலத்தில் 2.23 மடங்கு. லண்டனில் வைப்பு வைத்திருப்பவர் டுபாய்க்காரரின் வீதத்தைத் தனக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டில் வைப்பு வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள். வைத்த நாளின் தொகை, அன்றைய மாற்று விலை, இன்றைய மீதி, இன்று வங்கி வாங்கும் விலை. முதல் இரண்டையும் பெருக்குங்கள். கடைசி இரண்டையும் பெருக்குங்கள். பின்னையதை முன்னையதால் பிரித்து வரும் மடங்குக்கு வருடாந்த வீதத்தைத் தேடுங்கள். பிறகு மாற்று விலையின் மடங்கைத் தனியாகவும் வைப்பின் மடங்கைத் தனியாகவும் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது பங்குக்குக் கேட்டு வரும்போது காட்ட வேண்டிய எண் வைப்பின் மடங்குதான். மற்றது ரூபா இறங்கியதால் வந்தது. ரூபா திரும்பி ஏறினால் 2023இலும் 2024இலும் நடந்ததுபோல அதில் ஒரு பகுதி போய்விடும்.